வீட்டுக்குச் சின்னம்மா வருகிறார்: பிள்ளைகளுக்கு முதல் வருட வழிகாட்டி

அப்பா மறுபடி கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார் என்ற செய்தி பெரும்பாலும் அப்பா வாயிலிருந்து வராது. அத்தை வந்து தலையைத் தடவிக்கொண்டே சுற்றி வளைத்துச் சொல்லுவார், இல்லையென்றால் ஆசாரத்தில் பெரியவர்கள் பேசுவது உள்ளே படித்துக்கொண்டிருக்கும் உன் காதில் விழும், அதுவும் இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரர் "உங்கப்பனுக்குப் பொண்ணு பாத்திருக்காங்களாமே" என்று கேட்டுத்தான் உனக்கே தெரியவரும். இந்தக் கட்டுரை அப்படி ஒரு நிலைமையில் மாட்டியிருக்கும் 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு. பெரியவர்களுக்கு இந்த விஷயத்தில் யோசனை சொல்ல ஊரே திரண்டு வரும். பிள்ளைகளிடம் மட்டும் "அனுசரிச்சுப் போ சாமி" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எப்படி அனுசரிப்பது, எதையெல்லாம் அனுசரிக்கத் தேவையில்லை என்று யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை.

நானும் பள்ளிக்கூடம் படிக்கும்போதுதான் எங்கள் வீட்டுக்குச் சின்னம்மா வந்தார். இப்போது காங்கயம் பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளியில் பாடம் நடத்துகிறேன். இந்த நிலைமையில் இருக்கும் பிள்ளை ஒன்றாவது அநேகமாக வருடாவருடம் என் வகுப்பில் உட்கார்ந்திருக்கும். அவர்களில் ஒரு பெண்ணுடைய கதையை அவள் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றி இங்கே நடுநடுவே சொல்கிறேன். அவளுக்கு அப்போது 14 வயது, ஒன்பதாவது படித்தாள். அம்மா உடம்புக்கு முடியாமல் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அப்பாவுக்குத் தேங்காய்க் களத்தில் கணக்கு எழுதும் வேலை. வந்த சின்னம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லராக இருந்தவர், அவருக்கு முதல் கல்யாணத்தில் பிறந்த 7 வயதுப் பையன் ஒருவன். ஒரு ஆசாரம், ஒரு அறை, சமையல்கட்டு. அந்த வீட்டுக்குள் நான்கு பேர்.

ஒன்றை முதலிலேயே தெரிந்துகொள், பாதிச் சுமை குறையும். இது சில மாதங்களில் சரியாகிற விஷயம் இல்லை. மேவிஸ் ஹெதரிங்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் இப்படிப்பட்ட குடும்பங்களைப் பல வருடம் விடாமல் கவனித்தவர். புதுக் குடும்பம் ஒரு நிலைக்கு வரச் சில வருடங்கள் ஆகும் என்பதும், ரொம்பச் சின்னப் பிள்ளைகளைவிட, வயதுக்கு வருகிற பருவத்தில் இருக்கும் பிள்ளைகளுக்குத்தான் இது அதிகக் கஷ்டம் என்பதும் அவருடைய ஆராய்ச்சியில் தெரிந்தவை. ஆறு மாதம் ஆகியும் உனக்கு அவரைப் பிடிக்கவில்லை என்றால் உன் மனசு கெட்டது என்று அர்த்தமில்லை, ஆறு மாதம் போதவில்லை, அவ்வளவுதான். முதல் வருடத்தில் பாசம் வந்தாக வேண்டும் என்று யாரும் உன்னிடம் கேட்க முடியாது. மரியாதையாக நடந்துகொள் என்று கேட்கலாம்.

அவர் வருவதற்கு முன்னால் அப்பாவிடம் கேட்க வேண்டியவை

கல்யாணத் தேதி குறித்ததும் வீட்டில் எல்லோரும் வேலையில் மும்முரமாகிவிடுவார்கள், உன்னோடு பேச யாருக்கும் நேரமிருக்காது. அதற்கு முன்பே அப்பாவைத் தனியாகப் பிடி. எதிரெதிரே உட்கார்ந்து பேசினால் பெரும்பாலான அப்பாக்களுக்கு வாய் வராது, கோபம்தான் வரும். பள்ளிக்கூடத்துக்கு வண்டியில் கொண்டுபோய் விடுகிறவர் என்றால் அந்த நேரம் ரொம்ப நல்லது, முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, பேச்சு பத்து நிமிடத்தில் முடிந்தும்விடும். அந்தப் பெண் அப்படித்தான் செய்தாள், டிவிஎஸ் எக்ஸெல் பின்னால் உட்கார்ந்துகொண்டு. என்ன கேட்பது என்று முதல் நாள் ராத்திரியே நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தாள்.

நான் எங்கே படுப்பேன், எங்கே படிப்பேன், துணி மாற்றும் அறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்குமா? அம்மா படமும் அம்மா சாமான்களும் என்ன ஆகும்? மே மாத லீவுக்கு அம்மிச்சி வீட்டுக்கு எப்போதும்போல் போகலாமா? இந்த மூன்றும் போதும். "எதுக்குக் கல்யாணம்?" என்று கேட்டால் அது சண்டையில் முடியும், அதோடு அது அநேகமாக ஏற்கெனவே முடிவான விஷயம். "எங்கே படுப்பேன்?" என்பதற்கு அப்பா பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் யோசிக்கவாவது ஆரம்பிப்பார்.

அப்பா "அதெல்லாம் அப்ப பாத்துக்கலாம்" என்று சொல்ல வாய்ப்பு அதிகம். விடாதே, ஆனால் அன்றைக்கே மறுபடி கேட்காதே. இரண்டு நாள் கழித்து அதில் ஒன்றை மட்டும் திரும்பக் கேள். அப்பாவிடம் பேச்சே வரவில்லை என்றால் அத்தையோ பெரியப்பாவோ, அப்பா யார் சொன்னால் கேட்பாரோ அவர் வழியாகச் சொல்லியனுப்பு.

அம்மா சாமான்கள்

வரும் சண்டைகளில் பாதி இங்கேதான் கிளம்பும், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்த வீட்டில் அம்மாவுக்குச் சீராக வந்த எவர்சில்வர் பாத்திரங்கள் இருந்தன, ஒவ்வொன்றிலும் விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாக அம்மா பேர் வெட்டியிருக்கும். சின்னம்மா வந்த மூன்றாம் நாள் அந்தக் குண்டாவில் பையனுக்குக் குளிக்க வெந்நீர் வைத்தார். அவருக்கு அது ஒரு குண்டா. இவளுக்கு அது அம்மா. அன்றைக்கு ராத்திரி இவள் சாப்பிடவில்லை, ஏன் என்று யார் கேட்டும் சொல்லவில்லை, அப்பா சத்தம் போட்டார், சின்னம்மா நடந்தது என்னவென்றே தெரியாமல் சமையல்கட்டில் நின்று அழுதார். ஒரு வாரத்துக்கு அந்த வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

இதற்கு வழி, அம்மா சாமான்களை முன்கூட்டியே மூன்றாகப் பிரித்துவிடுவது. எடுத்து வைப்பது, வீட்டுப் புழக்கத்துக்கு விடுவது, பத்திரப்படுத்துவது. எல்லாவற்றையும் எடுத்து வைக்கிறேன் என்று நின்றால் நடக்காது, சமையல்கட்டே காலியாகிவிடும். உனக்கு எதைப் பார்த்தால் நிஜமாகவே நெஞ்சு அடைக்கிறதோ அதை மட்டும் எடு. அந்தப் பெண் ஒரு குண்டா, இரண்டு சேலை, அம்மா கைப்பட எழுதிய மளிகைக் கணக்கு நோட்டு, பாக்கு வைத்திருந்த சின்னப் பித்தளைச் சம்புடம், இவ்வளவைத்தான் ஒரு தகரப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். மீதியைப் புழங்கட்டும் என்று விட்டுவிட்டாள். பெட்டியை யாரும் திறக்கக் கூடாது என்று அப்பாவே எல்லோர் முன்னாலும் சொன்னார். இதை அவர் வாயால் சொல்ல வைத்ததுதான் முக்கியம், இவள் சொல்லியிருந்தால் அது சின்னம்மாவோடு சண்டையாகியிருக்கும்.

படம் எங்கே மாட்டுவது என்பதையும் அப்பாவே முடிவு செய்யட்டும். ஆசாரத்தில் வாசலைப் பார்த்து மாலை போட்டு மாட்டியிருக்கும் படத்தைக் கழற்றினால் உனக்கு வலிக்கும், அங்கேயே இருந்தால் வந்தவருக்குத் தினமும் சங்கடம். நீ படிக்கும் இடத்துச் சுவரிலோ சாமி படங்களுக்குப் பக்கத்திலோ மாட்டுவது பல வீடுகளில் இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்கிற ஏற்பாடாக இருக்கிறது. அம்மா நினைவு நாளில் விளக்கு வைப்பது உன் வேலையாகவே இருக்கட்டும், சின்னம்மா வைக்கவில்லையே என்று பார்க்காதே. அவராக வைத்தால் தடுக்கவும் செய்யாதே.

மூன்றாவது, நகை. பிள்ளைகள் இதைக் கேட்கக் கூசுவார்கள், ஊரும் "இத்துனூண்டு இருந்துக்கிட்டு நகையைப் பத்திப் பேசறா" என்று சொல்லும். ஆனாலும் தெரிந்து வைத்துக்கொள். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956இன்படி உயில் எழுதாமல் அம்மா இறந்துபோனால், அவருக்குச் சொந்தமான சொத்தும் நகையும் அவர் பிள்ளைகளுக்கும் கணவருக்கும் சம பங்காகப் போகும். நீ ஒரே பிள்ளை என்றால் அதில் பாதி உனக்கு, மறு பாதி அப்பாவுக்கு. புதிதாக வந்தவருக்கு உன் பங்கில் உரிமை கிடையாது. அப்பாவுடைய சொந்தச் சொத்து வேறு கணக்கு, அவர் காலத்துக்குப் பின்னால் உயில் இல்லையென்றால் அதில் சின்னம்மாவுக்கும் உனக்கும், இனி அப்பாவுக்குப் பிறக்கிற தம்பி தங்கைக்கும், அப்பத்தா உயிரோடு இருந்தால் அவருக்கும் சம பங்கு உண்டு. சின்னம்மா கூட்டி வந்த பிள்ளை அந்தக் கணக்கில் வராது. இதையெல்லாம் யாரிடமும் வாதாடச் சொல்லவில்லை. "அம்மா நகை எங்கப்பா இருக்குது?" என்று ஒரு முறை கேள், லாக்கரிலா அம்மிச்சியிடமா என்று தெரிந்துகொள், முடிந்தால் ஒரு போட்டோ எடுத்து வை. அம்மா பேரில் தாசில்தார் ஆபீசில் வாங்கிய வாரிசுச் சான்றிதழில் உன் பேர் இருக்கிறதா என்றும் பார். அவ்வளவு போதும்.

என்னவென்று கூப்பிடுவது

சின்னம்மா, சித்தி, அத்தை, எதுவாக இருந்தாலும் வாய் கூசாமல் வருவது சரிதான். அம்மா என்று கூப்பிடச் சொல்லி யாராவது வற்புறுத்தினால் "இப்ப வரலீங்க, வரும்போது கூப்பிடறேன்" என்று சொல். கூப்பிடாமலேயே தப்பித்துக்கொண்டு, பக்கத்தில் போய் நின்று கனைத்துப் பேச்சைத் தொடங்குகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், அது மட்டும் வேண்டாம். பேரில்லாமல் கூப்பிடப்படுவது அவருக்கு எவ்வளவு அவமானமாக இருக்கும் என்று உனக்கு இப்போது தெரியாது. "ங்க" போட்டுப் பேசிவிடு. நம் பக்கத்தில் கைக்குழந்தையிடமே "வாங்க சாமி" என்கிறோம், இவருக்கு அதைச் சொல்வதில் ஒன்றும் குறைந்துவிடாது.

யார் திட்டலாம்

சின்னம்மா வந்தவுடனே வீட்டைத் தன் கைக்குள் கொண்டுவர நினைப்பார். அதைத் தப்பென்று சொல்ல முடியாது, அவரைக் கூட்டி வந்தவர்களே "இனி எல்லாம் நீதான் பாத்துக்கோணும்" என்று சொல்லித்தான் கூட்டி வந்திருப்பார்கள். ஆனால் வந்த புதிதில் கண்டிக்கிற வேலை பெற்றவர் கையில் இருந்தால்தான் பிள்ளைகள் கேட்பார்கள், புதியவர் கையில் கொடுத்தால் எதிர்த்து நிற்பார்கள். இந்தக் குடும்பங்களோடு வேலை செய்கிற ஆலோசகர்கள் பொதுவாகச் சொல்வதும் இதுதான். வீட்டுச் சட்டத்தை அப்பா போட வேண்டும், அதை நினைவுபடுத்தும் வேலை சின்னம்மாவுடையது. "ஒன்பது மணிக்குப் போனை வெச்சிரு" என்று அப்பா சொன்னதாக இருந்தால், ஒன்பது மணிக்கு "மணியாச்சு" என்று அவர் சொல்லலாம். நீ வைக்காவிட்டால் என்ன செய்வது என்பதை அப்பா வந்து பார்த்துக்கொள்வார்.

இதை நடைமுறைக்குக் கொண்டுவர நீ செய்ய வேண்டியவை இரண்டு. சின்னம்மா நினைவுபடுத்தும்போது "நீங்க யாரு சொல்றதுக்கு?" என்ற வாக்கியம் நாக்கு நுனிக்கு வரும், அதை விழுங்கிவிட்டு "சரிங்க" என்று சொல்லிவிட்டுச் செய். அந்த ஒரு வாக்கியம் வெளியே வந்துவிட்டால் வருடக்கணக்கில் அதையே சொல்லிக் காட்டுவார்கள். அப்புறம் அப்பாவிடம் தனியாக, "அப்பா, எனக்கு எதாச்சும் சொல்றதா இருந்தா நீங்களே சொல்லுங்க, நான் கேட்டுக்கறேன்" என்று சொல்.

இது கோணலாகப் போகிறதா என்று கண்டுபிடிக்க ஒரு அடையாளம் உண்டு. அப்பா உன்னிடம் பேசும் வாக்கியங்கள் "உங்க சின்னம்மா சொல்றா..." என்றே தொடங்க ஆரம்பித்தால், அவர் நடுவில் நிற்பதை விட்டுவிட்டு வெறும் தபால்காரர் ஆகிவிட்டார் என்று அர்த்தம். அப்போது சின்னம்மாவோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. மறுபடி வண்டியில் ஏறு, பேசு.

இன்னொன்றும் கேள். வாரத்தில் ஒரு முறையாவது அப்பாவும் நீயும் மட்டும் போகிற ஒரு வேலை இருக்கட்டும், சந்தைக்கோ, வண்டிக்குக் காற்றடிக்கவோ, எதுவாக இருந்தாலும். பிள்ளைகள் பலர் சின்னம்மா மேல் காட்டும் கோபத்துக்கு அடியில் அப்பா கிடைக்கவில்லை என்ற ஏக்கம்தான் இருக்கும். அந்தப் பெண்ணுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் டவுனுக்குப் போய் மளிகை வாங்கி வரும் வேலை கிடைத்தது. அதற்கப்புறம் அவள் முகமே கொஞ்சம் தெளிந்தது. வகுப்பில் நானே பார்த்தேன்.

சமையல்கட்டு

சின்னம்மா செய்த அரிசிம்பருப்புச் சாப்பாட்டில் தக்காளி கிடந்தது. இவள் அம்மா தக்காளி போட மாட்டார், சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், கொஞ்சம் தேங்காய், இறக்கும்போது நெய், அவ்வளவுதான். டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வந்தது. இந்த இடத்தில் "எங்கம்மா இப்படிச் செய்ய மாட்டாங்க" என்று சொல்வது எளிது, ஆனால் அதற்குப் பதில் சொல்ல உலகத்தில் யாராலும் முடியாது, இறந்துபோனவரோடு போட்டி போட்டு யாரும் ஜெயித்ததில்லை. "ஞாயித்துக்கிழமை நான் செய்யட்டுங்களா?" என்று கேள். அவள் கேட்டாள். சின்னம்மா வெங்காயம் உரித்துக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்று பார்த்தார். ஒரு பேச்சும் பெரிதாக நடக்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து தக்காளி போடுவது தானாக நின்றது. சமைக்கத் தெரியாத பையனாக இருந்தால், உனக்குப் பிடித்ததைச் சொல், பிடிக்காததைப் பட்டியல் போடாதே.

அம்மிச்சி வீட்டில் கேட்கும் கேள்வி

லீவுக்குத் தாராபுரம் பக்கம் அம்மிச்சி வீட்டுக்குப் போனதும், பை வைப்பதற்குள் கேள்வி வரும். "ஏஞ்சாமி, அவ சோறு ஒழுங்காப் போடறாளா?" இதுதான் இந்த விஷயம் முழுவதிலும் பிள்ளைகளுக்கு ரொம்பக் கஷ்டமான இடம் என்று நினைக்கிறேன். "நல்லாப் போடறாங்க" என்றால் அம்மிச்சி முகம் ஒரு மாதிரி வாடும், மகளை எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்று தோன்றும். "போடறதில்லை" என்றால் அவருக்கு ஒரு திருப்தி, ஆனால் அப்புச்சி அன்றைக்கே மாமாவுக்குப் போன் போடுவார், மாமா உன் அப்பாவுக்குப் போடுவார், நீ ஊர் திரும்பும்போது வீட்டில் புயலே அடித்துக்கொண்டிருக்கும்.

அம்மிச்சி சோற்றைப் பற்றிக் கேட்கவில்லை. பெற்ற மகளைப் பறிகொடுத்தவர், அந்த இடத்தில் இன்னொருத்தி நிற்பதை நினைத்துத் தாங்க முடியாமல் கேட்கிறார். அதனால் இரண்டு பாகமாகப் பதில் சொல். "சாப்பாடெல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்கம்மிச்சி. அம்மா நெனப்புத்தான் வந்துட்டே இருக்குது." இரண்டுமே உண்மை. இரண்டாவது பாகம் வந்ததும் பேச்சு அம்மாவைப் பற்றித் திரும்பிவிடும், அம்மிச்சிக்கு வேண்டியதும் அதுதான். அதே மாதிரி ஊர் திரும்பியதும் அப்பத்தாவோ சின்னம்மாவோ "அங்க என்ன பேசிக்கிட்டாங்க?" என்று கேட்பார்கள். அம்மிச்சி செய்த கச்சாயத்தைப் பற்றிச் சொல், மாமா வாங்கிக் கொடுத்த சட்டையைப் பற்றிச் சொல், மற்றதை அங்கேயே விட்டுவிடு. அடி உதை போன்ற விஷயத்துக்கு இது பொருந்தாது, அதைக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன்.

இதே இழுபறி உனக்குள்ளும் நடக்கும். ஒரு நாள் சின்னம்மாவோடு சேர்ந்து டிவி பார்த்துச் சிரித்திருப்பாய், ராத்திரி படுத்ததும் அம்மாவுக்குத் துரோகம் செய்துவிட்ட மாதிரி நெஞ்சு கனக்கும், மறுநாள் காலையில் ஒன்றுமில்லாத விஷயத்துக்கு அவர்மேல் எரிந்து விழுவாய். அவருக்கும் குழப்பம், உனக்கும் குழப்பம். இது ரொம்பச் சாதாரணமாக நடப்பது, நெருக்கம் கூடிய மறுநாள்தான் நடக்கும். அப்படி எரிந்து விழுந்த அன்று தகரப் பெட்டியைத் திறந்து கொஞ்ச நேரம் உட்கார், அம்மாவைப் பற்றித் தெரிந்த யாரிடமாவது பேசு. சின்னம்மாவைப் பிடிக்க ஆரம்பித்தால் அம்மா இடம் குறைந்துவிடாது.

சீர் சடங்குகளையும் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. தெரட்டிச் சீரோ காதுகுத்தோ வந்தால் தாய்மாமன் சீர் கொண்டுவருவது அப்படியே இருக்கும், அதில் யாரும் கை வைக்க மாட்டார்கள். அம்மா நிற்க வேண்டிய இடத்தில் யார் நிற்பது என்பதில்தான் மண்டபத்திலேயே சச்சரவு வரும். உன் மனதில் பெரியம்மாவா அத்தையா சின்னம்மாவா என்று இருப்பதை ஒரு மாதம் முன்பே அப்பாவிடம் சொல்லிவிடு.

கூட வந்த தம்பி

அவனுக்கு 7 வயது, உன் மேசையில் அவன் கலர் பென்சில், உன் சார்ஜரில் அவன் அம்மா போன். அவன் எது செய்தாலும் "சின்னப் பையந்தானே" என்பார்கள். எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் அவனும் பள்ளிக்கூடம், சேக்காளிகள், தெரு எல்லாவற்றையும் விட்டுவிட்டு உன் வீட்டுக்கு வந்திருக்கிறான், அங்கே ஒவ்வொரு சாமானும் உன்னுடையது. அவனுக்கென்று ஒரு அலமாரித் தட்டு இருந்தால் உன் பொருளைத் தொடுவது பாதியாகக் குறையும், அதை அப்பாவிடம் நீயே கேட்டு வாங்கிக் கொடு. அவனை வளர்ப்பது உன் வேலையில்லை, தினமும் அவனுக்குப் பாடம் சொல்லிக்கொடு, கூட்டிப் போ, கூட்டி வா என்று உன் தலையில் கட்டினால் "வாரத்துல ரெண்டு நாள் பாத்துக்கறேனுங்க" என்று அளவு வைத்துக்கொள். வயது வந்த பையனும் பெண்ணும் இப்படி ஒரே வீட்டில் சேர்கிறார்கள் என்றால் படுக்க வேறு வேறு இடமும் குளியலறைக்கு நல்ல தாழ்ப்பாளும் கட்டாயம், இதில் கூச்சப்பட்டுப் பேசாமல் இருக்கக் கூடாது.

குலதெய்வக் கோயில் பொங்கலுக்குப் போகும்போது அவன் ஒதுங்கி நிற்பதைப் பார்க்கலாம், அவனுக்கு வேறு கோயில், அவன் அப்பா வழி. வரி யார் பேரில், மொட்டை எங்கே என்பது பெரியவர்கள் பாடு. நீ தேங்காய் முறியில் பாதியை அவன் கையில் கொடு, போதும்.

பத்தாவது முடிந்ததும் ஹாஸ்டல்

நாமக்கல், ராசிபுரம் பக்கத்து ஹாஸ்டல் பள்ளிக்கூடங்கள் நம் ஊரில் மார்க்குக்குப் பேர் போனவை. மறுகல்யாணம் நடந்த வீடுகளில் அவை இன்னொரு காரியத்துக்கும் பயன்படுகின்றன. வீட்டில் உரசல் அதிகமானால் "பிளஸ் ஒன்னுக்கு ஹாஸ்டல்ல போட்டுட்டாச் சரியாப் போயிரும்" என்று முடிவெடுத்துவிடுவார்கள். சில பிள்ளைகளுக்கு அது நல்லதாகவே அமைகிறது, நிம்மதியாகப் படிக்கிறார்கள். பல பிள்ளைகளுக்கு வீட்டை விட்டு விரட்டிவிட்டார்கள் என்ற எண்ணம் ஆறாமல் நிற்கிறது, லீவுக்கு வந்தால் தன் இடத்தில் தம்பி படுத்திருக்கிறான்.

பத்தாவது ரிசல்ட் மே மாதம் வரும், ஆனால் அட்மிஷன் பேச்சு பொங்கலுக்கே தொடங்கிவிடும். அதனால் பொங்கல் லீவிலேயே அப்பாவிடம் கேள்: "படிப்புக்காக அனுப்பறீங்களா, வீட்டுல சண்டைக்காக அனுப்பறீங்களா?" படிப்புக்கு என்றால் எந்த குரூப், என்ன கோர்ஸ் என்று பேச்சு போகும். சண்டைக்கு என்றால் அப்பா தயங்குவார், அந்தத் தயக்கமே உனக்குப் பதில். அப்போது உள்ளூர் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து ஒரு வருடம் பார்க்கலாம் என்று கேட்க உனக்கு இடமிருக்கிறது. உன் வகுப்பாசிரியரிடம் சொன்னால் அவரும் அப்பாவிடம் பேசுவார், எங்களில் பலர் பேசியிருக்கிறோம்.

கல்யாணம் செய்துகொள்வது அம்மாவாக இருந்தால்

மேலே சொன்னவை பெரும்பாலும் பொருந்தும், ஆனால் இன்ஷியல் என்று ஒரு பிரச்சினை கூடவே வரும். புது அப்பா பேரைப் போட வேண்டும் என்று ஒரு பக்கம், கூடவே கூடாது என்று அப்பாவைப் பெற்றவர்கள் ஒரு பக்கம். அப்பா இறந்துபோன நிலையில் அம்மாதான் இயற்கைப் பாதுகாவலர், பிள்ளையின் குடும்பப் பெயரை முடிவு செய்யும் உரிமை அவருக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022 ஜூலையில் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. அதே வழக்கில், ஆவணங்களில் அம்மாவின் புதுக் கணவர் பேரை "மாற்றுத் தந்தை" என்று குறிக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் கொடுத்திருந்த உத்தரவு பிள்ளையின் மனதைப் பாதிக்கும், கொடுமைக்குச் சமம் என்றும் கண்டித்தது. அம்மாவுக்கு உரிமை இருக்கிறது என்பதால் உன்னைக் கேட்க வேண்டாம் என்று ஆகிவிடாது. உனக்கு விருப்பம் எது என்பதைச் சொல், அதைப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பள்ளியிலிருந்து பேர்ப்பட்டியல் போவதற்கு முன் சொல். மார்க் ஷீட்டில் அச்சாகிவிட்டால் பிறகு மாற்றுவது பெரிய அலைச்சல். அவசரமில்லை என்றால் பழைய இன்ஷியலையே விட்டுவிடுவது எளிது. மாற்றாந்தந்தையோ மாற்றாந்தாயோ கல்யாணம் ஆன கையோடு சட்டப்படி உன் பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை, 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டம் அதை வெளிப்படையாகவே சொல்கிறது.

அனுசரிக்கக் கூடாதவை

பிடிக்காத சாப்பாடு, பாரபட்சமான பேச்சு, அதிகப்படியான வேலை, இவை கஷ்டம்தான், ஆனால் மேலே சொன்ன வழிகளில் பேசித் தீர்க்கலாம். அடித்துக் காயப்படுத்துவது, சாப்பாடு போடாமல் வைப்பது, பள்ளிக்கூடத்தை நிறுத்தி வேலைக்கு அனுப்புவது, அம்மிச்சி வீட்டோடு பேசவே கூடாது என்று அடைத்து வைப்பது, உடம்பில் தப்பாகத் தொடுவது, இவை வேறு. தொட்டவர் உறவு முறையில் இருப்பவர் என்றால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தில் குற்றம் இன்னும் கடுமையாகிறது. "குடும்ப மானம் போயிரும்" என்று யார் சொன்னாலும் இதற்குக் காதைக் கொடுக்காதே.

முதலில் உன்னை நம்பும் ஒரு பெரியவரிடம் சொல், மாமாவோ ஆசிரியரோ. அவர் ஒன்றும் செய்யவில்லை என்றால் இரண்டாவது ஆளிடம் சொல். யாரிடமும் சொல்ல முடியாவிட்டால் 1098 என்ற எண்ணுக்கு எந்தப் போனிலிருந்தும் கூப்பிடலாம், காசு கிடையாது, ராத்திரி பகல் எப்போதும் எடுப்பார்கள். உன் வயது, எந்த ஊர், என்ன நடக்கிறது, இப்போது பாதுகாப்பாக இருக்கிறாயா என்று கேட்பார்கள், அழுகை வந்தால் பொறுத்திருப்பார்கள். விஷயம் பெரியது என்றால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஆள் வந்து பார்ப்பார்கள், நீ எங்கே இருந்தால் பாதுகாப்பு என்பதை மாவட்டக் குழந்தைகள் நலக் குழு உன்னையும் கேட்டு முடிவு செய்யும். அம்மிச்சி வீட்டில் இருக்க விருப்பம் என்றால் அதை அங்கேயே சொல்லிவிடு.